ஒன்றேகால் மில்லிமீட்டர்

கள்ளக்குறிச்சி. அக்கா வீடு, மாடி. ஜனவரி. விடியற்காலை ஐந்தேகால்.

முதலில் ஒரு வெடிச்சத்தம். கொஞ்ச நேரம் நொறநொறவென்று ஏதோ நொறுங்குவது போல. பிறகு இன்னொரு வெடி.

அக்கா ஓடியது சமையலறைக்கு. சிலிண்டர் என்று நினைத்துவிட்டாள். அவள் மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பூமி அதிருது என்றிருக்கிறார். கீழே கடை வைத்திருப்பவர் ஷட்டரைத் திறந்து வெளியே வந்து மேலே பார்த்தாராம்.

சின்னசேலத்திலிருந்து நான் போய்ச் சேரும்போது எட்டு மணி.

கூடத்தின் நடுவே டைல்கள் கூரை மாதிரி நின்றன. இரண்டு டைல் விளிம்போடு விளிம்பு முட்டி, கூம்பி. பக்கத்தில் அதே போல இன்னும் மூன்று ஜோடி. மொத்தம் எட்டு.

எட்டில் உடைந்தவை இரண்டுதான். ஆறு முழுசாக இருக்கின்றன. இதைக் குறித்துக்கொள்கிறேன். மேலிருந்து எதுவும் விழவில்லை. கீழிருந்தும் எதுவும் தள்ளவில்லை. பக்கவாட்டில் நெருக்கியிருக்கிறது.

அக்கா பையனின் ஸ்கேலை வாங்கி உச்சியின் உயரத்தை அளந்தேன். 27 மில்லிமீட்டர்.


டைல் 2 அடிக்கு 2 அடி. அதாவது ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்.

கூடம் 24 அடிக்கு 14. நீளவாக்கில் 12, அகலவாக்கில் 7. ஆக 84 டைல்.

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் படி கிடையாது. அக்காவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், மாமியார் கால் தடுக்கும் என்று. டைல் அப்படியே வாசலைக் கடந்து உள்ளே போகிறது. சமையலறை 12 அடி.

ஆகவே அந்த வரிசை 36 அடி. சுவரிலிருந்து சுவர் வரை ஒரே துண்டு.


ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல டைல் 'டக்' என்று முடித்துவிடுகிறது. பிடிப்பு விட்ட டைலில் சத்தம் கொஞ்சம் நீள்கிறது, மண்பானையைத் தட்டியது போல.

ஒவ்வொரு டைலிலும் ஐந்து இடம். நான்கு மூலை, நடு. நடுவில் மட்டும் தட்டினால் ஏமாந்துபோவோம். மூலைகள்தான் முதலில் விடுகின்றன.

பிடிப்பு விட்டவை, எழும்பிய எட்டையும் சேர்த்து, 31.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். கைத்தடியால் ஓரிடத்தில் தட்டிக் காட்டினார். "இங்க ஊனுனா சத்தம் வேற மாதிரி கேக்குது தம்பி. ஆறு மாசமா சொல்லிட்டு இருக்கேன்."

ஆறு மாதமாகச் சொல்லியிருக்கிறார்.


எழும்பிய ஒரு டைலைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு சுத்தமாக இருக்கிறது. கழுவி வைத்தது போல. சாந்து ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

கீழே சாந்துப் படுகையில் டைலின் முதுகுக் கோடுகள் அத்தனையும் அச்சாகியிருக்கின்றன. கம்பெனிப் பெயர் இடவலம் மாறி, எழுத்து எழுத்தாக. சிமெண்ட் டைலின் உருவத்தை எடுத்துக்கொண்டது. டைலைப் பிடித்துக்கொள்ளவில்லை.

முதுகை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறது. நெற்றியில் பூசலாம், அவ்வளவு வெள்ளை.

அது தூசி இல்லை. சூளையில் டைல்கள் உருளைகளின் மேல் நகர்ந்துபோகும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே முதுகில் தடவுவது. ஒட்டக் கூடாது என்பதற்காகவே தடவிய பொருள். அதன் மேலேயே ஒட்டுகிறார்கள். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு ஒட்டினால் போதும். ஒரு டைலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.


செங்கல்லின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் விட்டேன். உடனே காணாமல் போனது.

டைலின் முதுகில் ஒரு சொட்டு. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இருந்தது.

விட்ரிஃபைடு டைல் என்றால் மண் உருகிக் கண்ணாடிபோல இறுகிய டைல். தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீரைக்கூட அது குடிக்காது. தண்ணீர் குடிக்கும் கல்லுக்குள் சிமெண்ட் பாலும் கூடவே இறங்கி வேர் பிடிக்கும். இதற்குள் இறங்க வழியில்லை. சிமெண்ட் பால் ஊற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் பழைய முறை பழைய டைலுக்கானது. டைல் மாறிவிட்டது. கை மாறவில்லை.

இன்னமும் டிரம்மில் தண்ணீர் நிரப்பி விட்ரிஃபைடு டைலை ஊறப்போடுகிறார்கள். ஊற ஒன்றுமில்லை. முதுகில் ஒரு ஈரப்படலம் நிற்கும், பிடிப்பு இன்னும் குறையும்.


27ஐ 27ஆல் பெருக்கினால் 729.

அதை 600ஆல் வகுத்தால் 1.2.

இரண்டு பலகை முட்டிக் கூம்பினால், எழும்பிய உயரத்திலிருந்து எவ்வளவு இடம் குறைந்தது என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான். 36 அடியில் ஒன்றேகால் மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. அதற்கு ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கிவிட்டது.

இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரிதான்.

நாணயத்தின் தடிமன்கூட இல்லாத குறை.


இடம் எங்கே போனது?

எல்லாரும் குளிர் என்கிறார்கள். விடிகாலையில் வெடித்ததால் அப்படித் தோன்றுகிறது. குளிரின் பங்கை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட் ஒரு டிகிரி குளிர்ந்தால், மீட்டருக்கு 0.009 மில்லிமீட்டர் சுருங்கும். டைல் 0.0065தான் சுருங்கும். இரண்டும் சுருங்குகின்றன. அடியில் இருப்பது கூடுதலாகச் சுருங்குகிறது. மேலே இருப்பதற்கு இடம் குறைகிறது. டைல் நெருக்கப்படுகிறது.

டைல் போட்டது மே மாதம். அன்றைக்குத் தளம் 34 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். ஜனவரி விடியலில் 20. பதினாலு டிகிரி வித்தியாசம், பதினொரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வருவது 0.4 மில்லிமீட்டருக்கும் கீழே.

குளிரால் மட்டும் இது நடக்காது.

கான்கிரீட் காயும்போது சுருங்கும். இது வெயில் குளிரோடு சம்பந்தமில்லாத தனிச் சுருக்கம், பெரும்பாலும் திரும்ப நீளாதது. ஐ.எஸ். 456 என்னும் நம் கான்கிரீட் விதிநூல், சோதனை விவரம் கையில் இல்லாவிட்டால் மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 36 அடிக்கு அது 3 மில்லிமீட்டருக்கு மேல். ஒரே நாளில் வருவதில்லை. தளம் காய ஆண்டுகள் ஆகும்.

அக்கா வீட்டில் தளம் போட்டு இரண்டு மாதத்தில் டைல் ஒட்டியிருக்கிறார்கள். அப்போதே வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகர் ஆனபின் இங்கே வாடகை வீடு கிடைப்பது சிரமம் என்கிறாள்.

இரண்டே முக்கால் வருடம். அத்தனை நாளும் அடியில் தளம் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே டைல் சுருங்க மறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நெருக்கத்தில் கொஞ்சத்தைச் சாந்து தாங்கியிருக்கும். பிடிப்பு ஒவ்வொரு மூலையாக விட்டிருக்கும். ஜனவரியின் அந்த விடியல் கடைசித் தள்ளு.

மாமியாரின் ஆறு மாதம் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது.


சிங்கப்பூர், ஜனவரி 2018. அந்த ஊருக்கு அபூர்வமான குளிர், 22 டிகிரி பக்கம். நமக்கு அது இதமான காலை. அங்கே அடுக்குமாடி வீடுகளில் டைல் வெடித்து எழும்பியதாகப் பல குடும்பங்கள் புகார் சொல்லின. நாளிதழ்களில் படங்கள் வந்தன.

அந்தப் படங்களில் இருந்ததும் இதே கூரைதான். இதே முட்டல்.


சின்னசேலம் ஸ்டேஷனில் சின்ன வயதில் தண்டவாள இடைவெளிக்குள் குச்சியை விட்டு விளையாடியிருக்கிறேன். வெயில் ஏற ஏறக் குச்சி மாட்டிக்கொள்ளும்.


மேஸ்திரி வெள்ளிமலைப் பக்கத்து ஊர்க்காரர். பொங்கலுக்குப் போனவர் இன்னும் இறங்கி வரவில்லை. போனில் டவர் கிடைக்கவில்லை. நேரில் போனேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறும் பஸ். வளைவுகளில் காது அடைத்தது.

வழியில் ஒரு வீட்டு முன் சாக்கு விரித்துக் கடுக்காய் காயப்போட்டிருந்தார்கள். கல்வராயன் மலைக் கடுக்காய்.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் டெரஸ் மாடிகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துப் பலகைக் கட்டையால் அடிப்பார்கள். நாள் கணக்கில் அடிப்பார்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகும். இறுகிய பின்னும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மயிரிழை வெடிப்பு வந்தால், மழைத்தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே மறுபடி படிந்து அதை அடைத்துக்கொள்வதும் உண்டு.

அதன் மேல் தட்டோடு. அதுவும் தண்ணீர் குடிக்கும் ஓடு.


மேஸ்திரி வீட்டுத் தரை மண். சாணி மெழுகியது. வெடிப்பு இருந்தது, நாலைந்து இடத்தில். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மெழுகும்போது சரியாயிடும் என்றார். நான் கேட்கக்கூட இல்லை.

எதிர்வீடு புதுசு. முன்புறம் 20 அடி நீளத் திண்ணை, திறந்தவெளியில், கரும்பச்சை டைல். கோடு தெரியாமல் நெருக்கி ஒட்டியிருந்தார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கி பையில் இருந்தது. நெற்றிக்கு ஒரு பொத்தான், பொருளின் மேற்பரப்புக்கு ஒரு பொத்தான். காலை ஏழு மணிக்குத் திண்ணை 14 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு 41.

20 அடி டைல் 27 டிகிரி சூடானால் ஒரு மில்லிமீட்டர் நீளும். சாயங்காலம் திரும்பிச் சுருங்கும். தினமும் ஒரு மில்லிமீட்டர் போய் வருகிறது. அடியில் இருக்கும் தளம் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. வெயிலில் டைல் ஓடும், தளம் பின்தங்கும்.

அக்கா வீட்டில் தளம் சுருங்கி டைலை நெருக்கியது. இங்கே டைல் நீண்டு தன்னைத் தானே நெருக்கிக்கொள்கிறது. கணக்கு வேறு. வெடிக்கும் நேரமும் வேறு, இது மத்தியானத்தில் வெடிக்கும்.

திண்ணை இன்னும் எழும்பவில்லை. கோட்டில் அடைத்த வெள்ளை சிமெண்ட் பொடிந்து எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. கடைசி டைல்கள் சுவரை முட்டும் இடத்தில் மூன்று மூலை சில்லு தெறித்திருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். பசங்க பந்து அடிச்சிருப்பாங்க என்றார். மூன்று மூலையிலும் அதே உயரத்தில், அதே பக்கத்தில் பந்து படுமா?


மேஸ்திரியிடம் படத்தைக் காட்டினேன். போனை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். டைலைப் பார்க்கவில்லை. ஓரத்துக்குப் போனார். ஸ்கர்ட்டிங்கைப் பார்த்தார்.

"ஓரம் விடல அண்ணே."

அவ்வளவுதான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, "பேப்பர் ஜாயிண்ட் கேப்பாங்க. கோடு தெரிஞ்சா காசு குடுக்க மாட்டாங்க. நாங்க என்ன பண்றது" என்றார். அதுவும் நியாயம்தான். அக்காவும் அப்படித்தான் கேட்டிருப்பாள். ஹோட்டல் மாதிரி ஒரே கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று என்னிடமே சொன்னாள்.


சுவரோரம் விடும் இடைவெளி 6 மில்லிமீட்டர். வட அமெரிக்க டைல் கழகத்தின் கையேடு சுவரோர இடைவெளியைக் கட்டாயம் என்கிறது. வீட்டுக்குள் 25 அடிக்கு ஒரு இடைவெளி. வெயில் படும் இடமானால் 8 முதல் 12 அடிக்கே ஒன்று. டைலில் மட்டும் விட்டால் போதாது, அடியில் இருக்கும் சாந்துப் படுகையிலும் அதே கோட்டில் வெட்டு இருக்க வேண்டும். அதை வெள்ளை சிமெண்டால் அடைக்கக் கூடாது, எபாக்சியாலும் கூடாது. சிலிக்கான் அல்லது பாலியூரித்தேன், அழுத்தினால் அமுங்குவது எதுவோ அது.

அக்கா வீட்டுக் கூடம் 24 அடி. கூடம் மட்டும் என்றால் நடுவில் வெட்டே தேவையில்லை. சுவரோரமும் சமையலறை வாசலும் போதும்.

அந்த வாசலில் ஒரு படி இருந்திருந்தால்.

பழைய வீடுகளில் அறைக்கு அறை படி உண்டு. கல்லோ மரமோ. தரை அங்கே நின்று, மறுபடி தொடங்கும்.


மொசைக் தரை நினைவுக்கு வருகிறது. பெரியப்பா வீட்டில். கட்டம் கட்டமாகக் கண்ணாடிப் பட்டி பதித்திருப்பார்கள். வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க என்று நினைத்திருந்தேன்.

சிமெண்ட் தரையில் ஈரம் காயும் முன் நூலை அழுத்திக் கோடு போடுவார்கள். வெடிப்பு வந்தால் அந்தக் கோட்டோடு போகும்.


மலையிலிருந்து இறங்கும்போது மேஸ்திரி பேசிக்கொண்டே வந்தார். இப்போது எல்லாரும் பசை கேட்கிறார்கள், பசை போட்டாலும் எழும்புகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். கையில் உருண்டை பிடித்துக் காட்டினார். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று.

பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். உருண்டை அமுங்கி 15 சென்டிமீட்டர் வட்டமாகப் பரவும். ஐந்து வட்டமும் சேர்ந்து 884 சதுர சென்டிமீட்டர். டைல் 3600.

கால் பங்கு. முக்கால் டைலுக்கு அடியில் காற்று.

உள்ளே ஈரம் படாத தரைக்குக் குறைந்தது 80 விழுக்காடு பசை பட வேண்டும். குளியலறை, திறந்தவெளி என்றால் 95. உருண்டை முறையில் எந்தப் பசையானாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், அந்த அளவுக்குப் போகவே போகாது. மூலையோரம் பசை இல்லாத இடத்தில் கட்டில் கால் வைத்தால் மூலை உடையும். அது தனி நோய்.

அவரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.


பசை மூட்டையில் விலைக்கு மேலே ஒரு எண் இருக்கும். ஐ.எஸ். 15477. கூடவே டைப் என்று போட்டிருக்கும். விட்ரிஃபைடு டைலுக்கு டைப் 2 அல்லது அதற்கு மேல். கடையில் டைப் 1 மூட்டையை நீட்டினார்கள், எல்லாம் ஒண்ணுதான் சார் என்று. மாற்றிக்கொண்டு வந்தேன்.


வேலை நடந்த நாள். எழுதிவைத்தது.

எழும்பியவற்றில் ஒரு ஜோடியை மறுபடி பழைய இடத்தில் வைத்துப் பார்த்தோம். உட்காரவில்லை. எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே. அழுத்தினால் நடுவில் எழும்புகிறது. இடம் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்பதை அக்கா அப்போதுதான் நம்பினாள்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. விளிம்பைக் கொஞ்சம் தேய்த்து, சிமெண்ட் பால் ஊற்றி, அதே டைலை அழுத்திப் பதித்து, மேலே அரிசி மூட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நெருக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்த வருடம் பக்கத்து வரிசை எழும்பும்.

முதலில் நெருக்கத்தை விடுவிக்க வேண்டும். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினார். கூடத்தின் நான்கு பக்கமும் சுவரோரத்தில் கட்டர் ஓட்டினார். மூன்றாவது சுவர் ஓரத்தில் பிளேடு பாதி போகும்போதே பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் டைல் வந்து பிளேடை அழுத்திவிட்டது. அணைத்து, அசைத்து எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சமையலறை வாசலில் குறுக்கே ஒரு வெட்டு, படுகை வரைக்கும்.

31 டைலையும் எடுத்தாயிற்று. அடியில் சாந்துப் படுகை சில இடத்தில் காலால் தேய்த்தாலே மணலாக உதிர்ந்தது. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, கெட்டியான இடத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

டைல் முதுகைத் துடைக்கும் வேலை என்னுடையது. வாளித் தண்ணீர் பால்போல ஆனது. மூன்று முறை மாற்றினேன்.

பல் உள்ள கரண்டியால் பசையை இழுத்தார். முதலில் வழக்கப்படி வட்ட வட்டமாக, சாமி வாசலில் கோலம் போல. நேராக இழுக்கச் சொன்னேன். வட்டத்துக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், நேர்கோடு என்றால் டைலைக் குறுக்கே ஒரு விரல் தள்ளும்போது காற்று ஓடிவிடும். முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு.

முதல் டைலை ஒட்டியதும் உடனே எடுக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம்தான். எடுத்தார். திருப்பினார். முதுகு முழுக்கப் பசை, ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கையளவு வெறுமை. கரண்டியை மாற்றி, பல் பெரிதானதை எடுத்தார். நான் சொல்லவில்லை, அவரே மாற்றினார்.

அதற்குப் பிறகு பத்து டைலுக்கு ஒன்றை அவராகவே எடுத்துப் பார்த்தார்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்து வைத்த பசையின் மேல் தோல் கட்டிவிட்டது. மூட்டையில் 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அது சோதனைக்கூடத்துக் குளிர்ச்சியில். இங்கே எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. சுரண்டிப் போட்டோம். ஃபேனை நிறுத்தினோம். வியர்த்தது. ஒரு நேரத்தில் இரண்டு டைலுக்கு மட்டும் பசை இழுத்தார்.

டைல் விளிம்பை அறுத்துக் குறைத்து, டைலுக்கும் டைலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் ஸ்பேசர். அக்கா வந்து பார்த்தாள். "கோடு தெரியுதேடா" என்றாள்.

தெரியட்டும் என்றேன்.

எடுக்காமல் விட்ட 53 டைல் பழைய நெருக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே கோடு இல்லை. கூடத்தில் இப்போது இரண்டு விதத் தரை.


பசையை ஊசியால் உள்ளே செலுத்துகிறோம், டைலை எடுக்கவே வேண்டாம் என்று ஒருவர் வந்தார். வெறுமையாக ஒலிக்கும் இரண்டொரு டைலுக்கு அது சரியாக இருக்கலாம். நெருக்கத்தில் நிற்கும் தரைக்கு அது பலன் தராது. முதலில் ஓரம் வெட்டுங்கள் என்றேன். அது எங்க வேலை இல்ல சார் என்றார்.


மாமியார் கைத்தடியோடு ஒரு சுற்று நடந்து வந்தார். பழைய 53ஐயும் சேர்த்து. மூன்று இடத்தில் நின்றார். அந்த மூன்றையும் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஜனவரியில் தட்டிப் பார்க்க வேண்டும்.


சொல்ல மறந்தது. ஸ்கர்ட்டிங் ஒட்டுவதற்கு முன்னால் ஓரத்து இடைவெளியை ஒருமுறை பார்க்கப் போனேன். நான்கு சுவரிலும் 6 மில்லிமீட்டர் விட்டிருந்தோம். மூன்றாவது சுவரோரத்தில் முக்கால்வாசிக்குச் சாந்தும் உடைந்த டைல் துணுக்கும் விழுந்து அடைத்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெருக்கும்போது விழுந்தது. அப்படியே விட்டிருந்தால் இறுகியிருக்கும். ஓரம் விட்டும் விடாத தரையாகியிருக்கும்.

மேஸ்திரி பழைய குடைக்கம்பியை வளைத்துக் கிளறி எடுத்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு நுரைக் கயிறு வைத்து, மேலே சிலிக்கான். ஸ்கர்ட்டிங்கைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, அந்தச் சந்துக்கும் சிலிக்கான்.

புது வீடு கட்டுகிறவர்கள் ஸ்கர்ட்டிங் ஒட்டும் நாளன்று வீட்டில் இருங்கள். ஒட்டுவதற்கு முன் சுவரோரம் குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் கிளறச் சொல்லுங்கள். மறுநாள் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.